ஒரே மின்னஞ்சல் நான்கு முறை போவது எப்படி?

ஒரு குடியிருப்போர் சங்கம் மாதந்தோறும் பராமரிப்புக் கட்டண ரசீதை பிடிஎஃப் இணைப்பாக, தன் சொந்த மெயில் சர்வரிலிருந்து உறுப்பினர்களுக்கு அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருநாள் மதியம் ஓர் உறுப்பினர் தம் அலுவலக முகவரியிலிருந்து எழுதுகிறார்: “காலையிலிருந்து இதே பில் நான்கு முறை வந்துவிட்டது. ஸ்பாம் அனுப்புவதை நிறுத்துங்கள்.” செயலாளர் கணக்கு மென்பொருளைத் திறந்து பார்க்கிறார், அதில் ஒரே ஒரு முறை அனுப்பியதாகத்தான் இருக்கிறது. “நாங்கள் ஒருமுறைதான் அனுப்பினோம்” என்று உடனே பதில் எழுதத் தோன்றும். ஆனால் இங்கே இருவர் சொல்வதுமே உண்மையாக இருக்க முடியும்.

மின்னஞ்சலைக் கொண்டுசெல்லும் எஸ்எம்டிபி நெறிமுறையில், அனுப்பும் சர்வர் கடிதம் முழுவதையும் அனுப்பிவிட்டு, கடைசியில் ஒரு புள்ளி மட்டும் உள்ள வரியை அனுப்பிக் காத்திருக்கும். பெறும் சர்வர் 250 என்ற எண்ணைத் திருப்பிச் சொன்னால், கடிதத்தின் பொறுப்பு கைமாறிவிட்டது என்று பொருள். சிக்கல் அந்தப் புள்ளிக்கும் 250-க்கும் இடைப்பட்ட நேரத்தில்தான் இருக்கிறது. அலுவலக சர்வர் பிடிஎஃப் இணைப்பை வைரஸ் சோதனைக்கு உட்படுத்திவிட்டு 45 விநாடி கழித்து 250 என்கிறது. சங்கத்தின் சர்வரோ 30 விநாடி மட்டுமே காத்திருந்துவிட்டு தொடர்பைத் துண்டித்துவிடுகிறது. அங்கே கடிதம் பெட்டியில் விழுந்துவிட்டது. இங்கே அது போகவில்லை என்று வரிசையில் மீண்டும் நிற்கிறது. கடிதம் தொலைவதைவிட இருமுறை போவது மேல் என்பதே மின்னஞ்சலின் அடிப்படை ஏற்பாடு என்பதால், சிறிது நேரத்தில் அதே கடிதம் மறுபடியும் புறப்படுகிறது. இந்தக் கோளாறு புதியதல்ல. 1988-இலேயே ஆர்எஃப்சி 1047 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் இதற்காகவே எழுதப்பட்டது.

ஆகவே பதில் எழுதுவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சங்கத்தின் சர்வர் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் மென்பொருளில் இயங்குகிறது என்று கொள்வோம். அதில், போகாத கடிதத்துக்கான மறுமுயற்சி இயல்பான அமைப்பில் ஐந்து நாள் வரை தொடரும். வரிசையை நிறுத்தாமல் வருத்தம் தெரிவித்தால், அந்த வருத்தக் கடிதத்துக்குப் பின்னாலேயே ஐந்தாவது பில்லும் போய்ச் சேரும். அதன்பின் எந்த விளக்கமும் எடுபடாது. எனவே `postqueue -p` என்று கொடுத்து, அந்த முகவரிக்கான கடிதத்தின் வரிசை அடையாளத்தைக் கண்டு, `postsuper -d` கட்டளையால் அதை நீக்கிவிட வேண்டும். பிறகு எழுதும் பதில் குறுகியதாக இருக்கலாம்:

“ஐயா, ஒரே பில் நான்கு முறை வந்து தங்களுக்குத் தொந்தரவு ஆனதற்கு வருந்துகிறோம். தங்கள் முகவரிக்குக் காத்திருந்த கடிதத்தை இப்போது நீக்கிவிட்டோம். இனி அது வராது. காரணத்தைக் கண்டறிய, வந்தவற்றுள் இரண்டை ஃபார்வர்டு செய்யாமல் கோப்பாக இணைத்து அனுப்ப இயலுமா?”

ஃபார்வர்டு வேண்டாம் என்பதற்குக் காரணம், அதில் கடிதத்தின் மூலத் தலைப்பு வரிகள் போய்விடும் என்பதே. நமக்கு வேண்டியது அவற்றுள் `Message-ID` என்ற வரி. இரண்டு பிரதிகளிலும் அது வேறுவேறாக இருந்தால், கணக்கு மென்பொருளே கடிதத்தை இருமுறை உருவாக்கியிருக்கிறது; பட்டியலில் அவர் பெயர் இரண்டு இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டிலும் அது ஒன்றாகவே இருந்தால், உருவானது ஒரே கடிதம். சர்வர்தான் திரும்பத் திரும்ப அனுப்பியிருக்கிறது. சில மெயில் சர்வர்கள் ஒரே அடையாளமுள்ள பிரதிகளைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிடுவதால், மற்ற உறுப்பினர்கள் யாரும் புகார் சொல்லவில்லை என்பது இங்கே ஒரு சான்றே ஆகாது. கோபமாக எழுதியவர் ஒருவரிடம் மட்டுமே தடயம் இருக்கக்கூடும்.

நம் பக்கத்துச் சான்று மெயில் பதிவேட்டில் கிடைக்கும். போஸ்ட்ஃபிக்ஸ் இந்தச் சூழலை ஒளிவுமறைவின்றியே எழுதிவைக்கிறது:

```
timed out while sending end of data -- message may be sent more than once
```

“ஒருமுறைக்கு மேல் போயிருக்கலாம்” என்று சர்வரே ஒப்புக்கொள்ளும் இந்த வரியை யாரும் படிப்பதில்லை என்பதுதான் வேடிக்கை. அடுத்து, காத்திருக்கும் நேரத்தைப் பார்க்க வேண்டும். புள்ளிக்குப் பிறகு 10 நிமிடம் காத்திருக்கச் சொல்கிறது ஆர்எஃப்சி 5321; போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பான அளவும் அதுவே. வரிசை வேகமாக நகரட்டும் என்று யாரோ அதை 30 விநாடியாகக் குறைத்திருப்பார்கள். பழையபடி மாற்ற:

```
postconf -e smtp_data_done_timeout=600s
postfix reload
```

இதன்பின்னும் அந்த வரி பதிவேட்டில் தோன்றினால், இடையிலுள்ள ஃபயர்வால் அமைதியாகக் கிடக்கும் தொடர்பை அறுக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது நம் கையில் இல்லாத ஃபயர்வால் என்றால், பிடிஎஃப்-ஐ இணைக்காமல் அதற்கான சுட்டியை மட்டும் அனுப்பலாம். சோதிக்கக் கோப்பு இல்லாதபோது 250 பெரும்பாலும் விரைவாக வந்துவிடும். எப்படியும் கடிதம் சரியாக ஒரேயொரு முறைதான் சேரும் என்ற உறுதியை எஸ்எம்டிபி தருவதில்லை. அந்த 250 வழியில் தொலைந்தால் இன்னொரு பிரதி போகத்தான் செய்யும். அடுத்த மாத பில் போன அன்றே பதிவேட்டில் அந்த வரியைத் தேடிப் பார்த்து, அது இல்லையென்றால், காரணத்தையும் செய்த மாற்றத்தையும் இரண்டு வரியில் அந்த உறுப்பினருக்கு எழுதிவிடலாம்.