எட்டு மாதமாகத் தீராத ஜலதோஷமும் நான்கே நாளில் கைவிடப்பட்ட மூக்கு ஸ்பிரேயும்

திருச்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். எட்டு மாதமாக அவருக்கு ஜலதோஷம் விடவில்லை. விடியற்காலையில் படுக்கையை உதறி மடிக்கும்போது தொடர்ச்சியாகப் பத்துப் பதினைந்து தும்மல் வருகிறது, மூக்கும் கண்ணும் அரிக்கின்றன, தண்ணீர்போல ஒழுகுகிறது. பத்து மணிக்கு மேல் ஓரளவு தெளிந்தாலும் மாலையில் மூக்கு அடைத்துக்கொள்வதால், இரவில் வாயால் மூச்சுவிட்டபடி அரைத்தூக்கத்தில் கழிக்கிறார். இதுவரை மூன்று முறை ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டிருக்கிறார். இறுதியாக ஒரு மருத்துவர் புளூட்டிகசோன் என்ற ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரேயை எழுதித் தந்தார். நான்கு நாள் அடித்தும் பலன் தெரியவில்லை. மருந்தின் பூ வாசனை தொண்டையில் இறங்கியது. நான்காம் நாள் மூக்கில் இரத்தமும் எட்டிப்பார்த்தது. பயந்து நிறுத்திவிட்டு, இது உண்மையில் சளியா, சைனஸா, அந்த ஸ்பிரே தனக்கு ஒத்துக்கொள்ளாத மருந்தா என்று கேட்கிறார்.

இவருடையது ஜலதோஷம் அல்ல என்பதை நாட்காட்டியே சொல்லிவிடும். ஜலதோஷம் பெரும்பாலும் ரைனோவைரஸ் போன்ற வைரஸ்களால் வருவது. தொற்றிய ஓரிரு நாளில் தொண்டைக் கரகரப்போடு தொடங்கி, இரண்டு மூன்று நாளில் உச்சத்தைத் தொட்டு, ஏழு முதல் பத்து நாளில் அடங்கிவிடும். உடல்வலியும் இலேசான காய்ச்சலும் கூட வரலாம்; சளி முதலில் நீர்த்திருந்து பிறகு கெட்டிப்பட்டு மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறும். அந்த நிறம் நம் வெள்ளணுக்களில் உள்ள ஒரு நொதியிலிருந்து வருவது. அதை மட்டும் வைத்துப் பாக்டீரியாத் தொற்று என்று முடிவுசெய்து ஆன்டிபயாட்டிக் தொடங்குவது தவறு. ஒவ்வாமை மூக்கழற்சி இப்படி ஏறி இறங்கி முடிவதில்லை. காய்ச்சல் இருக்காது, சளி தெளிந்த நீராகவே இருக்கும், வாரக்கணக்கில் அதே நேரத்தில் அதே இடத்தில் திரும்பத் திரும்ப வரும். இரண்டையும் பிரித்தறிய ஒரே ஓர் அறிகுறியைத்தான் கேட்கலாம் என்றால் நான் அரிப்பைத்தான் கேட்பேன். மூக்கு, கண், மேலண்ணம் ஆகியவை அரித்தால் ஒவ்வாமையின் பக்கமே சாய வேண்டும்.

படுக்கையை உதறும்போது ஏன் வருகிறது? மெத்தையிலும் தலையணையிலும் வாழும் வீட்டுத்தூசி உண்ணிகள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. நம் உடலிலிருந்து உதிரும் தோல் செதில்களைத் தின்று, காற்றிலுள்ள ஈரப்பதத்தால் உயிர்வாழ்கின்றன. அவை நம்மைக் கடிப்பதில்லை. அவற்றின் கழிவுத் துணுக்குகளில் உள்ள புரதங்களே ஒவ்வாமையைத் தூண்டுகின்றன. அந்தத் துணுக்குகள் கனமானவை என்பதால் காற்றில் நெடுநேரம் மிதக்காமல் துணியில் படிந்துவிடும், உதறினால்தான் எழும். அம்மாவின் ‘காலைப் பனி ஆகாது’ என்ற விளக்கத்தையும் தலைக்குக் குளித்ததன் மேல் போடப்படும் பழியையும் கேட்டு வளர்ந்தவன் நான். பனியும் குளியலும் ஒவ்வாமையை உண்டாக்குவதில்லை. அவற்றையே குற்றம் சொல்லிக்கொண்டிருக்கும் வீட்டில் தலையணை உறையை யாரும் சந்தேகிப்பதில்லை என்பதுதான் உண்மையான இழப்பு.

வாசகியின் மூக்கில் நடப்பது இரண்டு காட்சிகள் கொண்ட நிகழ்வு. அவற்றுக்கு இடையிலுள்ள கால இடைவெளியைப் புரிந்துகொண்டால், எந்த மருந்து எதற்கு என்பது தானாகவே விளங்கிவிடும்.

முதல் காட்சி சில நிமிடங்களில் முடிவது. ஒவ்வாமை உள்ளவரின் உடல், உண்ணியின் புரதத்துக்கு எதிராக ஐ.ஜி.இ என்ற எதிர்ப்புரதத்தை ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறது. இவ்வகை எதிர்ப்புரதத்தை 1966-இல் இஷிசாகா தம்பதியர் அடையாளம் கண்டனர். அது மூக்குச் சவ்விலுள்ள மாஸ்ட் செல்களின் மேற்பரப்பில் ஆயிரக்கணக்கில் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். உண்ணிப் புரதம் ஒன்று வந்து அருகருகே உள்ள இரண்டு ஐ.ஜி.இ-களைச் சேர்த்துப் பிடித்ததும், மாஸ்ட் செல் தன் பொதிகளைத் திறந்து ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டுகிறது. ஹிஸ்டமின் நரம்பைத் தொட்டால் அரிப்பும் தும்மலும் வரும்; சுரப்பிகள் தூண்டப்பட்டு நீர் ஒழுகும். வாசகியின் காலைத் தும்மல் இதுதான். செட்ரிசின், லோரடடின், ஃபெக்சோஃபெனடின் போன்ற மாத்திரைகள் ஹிஸ்டமின் உட்கார வேண்டிய இடத்தைத் தாம் அடைத்துக்கொள்வதால் இந்தக் காட்சியை நன்றாகத் தடுக்கின்றன.

இரண்டாம் காட்சி நான்கைந்து மணி நேரம் கழித்துத் தொடங்குகிறது. மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டியதோடு நிற்காமல், புதிதாக வேறு வேதித் தூதுகளையும் தயாரித்து அனுப்புகின்றன. அவற்றின் அழைப்பை ஏற்று ஈயோசினோஃபில் போன்ற வெள்ளணுக்கள் இரத்தக் குழாயிலிருந்து இறங்கி மூக்குச் சவ்வுக்குள் குடியேறுகின்றன. காலையில் உள்ளே போன தூசு எப்போதோ கழுவப்பட்டுவிட்டது; ஆனாலும் மாலையில் சவ்வு வீங்குகிறது. மூக்கின் பக்கச் சுவரில் டர்பினேட் என்ற மடல்கள் உண்டு. இரத்தம் நிறைந்து பஞ்சுபோலப் பருக்கக்கூடிய அவை வீங்கும்போதுதான் மூக்கு அடைக்கிறது. எவ்வளவு சிந்தினாலும் அடைப்பு விலகாததற்குக் காரணம் இதுவே: வெளியேற்றுவதற்கு அங்கே சளி அதிகமில்லை, வழியே சுருங்கிவிட்டது. இந்தக் கட்டத்தில் ஹிஸ்டமினின் பங்கு சிறியதாகிவிடுவதால் மாத்திரை தும்மலை நிறுத்திய பிறகும் அடைப்பு நிற்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான் வருகிறது. 1969-இல் ஜான் கானல் என்ற அமெரிக்க மருத்துவர், ஒவ்வாமை உள்ளவர்களின் மூக்கில் மகரந்தத்தை அளந்து செலுத்தி, எத்தனை துகளுக்கு மூக்கு எதிர்வினை காட்டுகிறது என்று எண்ணினார். நாள்தோறும் செலுத்தச் செலுத்த, அதே எதிர்வினைக்குத் தேவைப்பட்ட மகரந்தத்தின் அளவு பல மடங்கு குறைந்துகொண்டே வந்தது. முதல் நாள் குடியேறிய வெள்ளணுக்கள் வெளியேறுவதற்குள் மறுநாள் தூசு வந்துவிடுவதால், சவ்வு ஏற்கெனவே கிளறப்பட்ட நிலையில் இருக்கிறது. மாஸ்ட் செல்களும் மேற்பரப்பை நோக்கிப் பெருகுகின்றன. தொடக்கத்தில் படுக்கையை உதறினால் மட்டும் தும்மியவர் எட்டாம் மாதத்தில் சாம்பிராணிப் புகைக்கும் தாளிப்பு நெடிக்கும் தும்முவது இதனால்தான். அவருக்குப் புதிய ஒவ்வாமைகள் வந்துவிடவில்லை. பழைய அழற்சியின் வாசல்படி தாழ்ந்துபோயிருக்கிறது.

ஸ்டீராய்டு ஸ்பிரே இந்த வாசல்படியை மீண்டும் உயர்த்தும் மருந்து. அது செல்லுக்குள் நுழைந்து, அங்குள்ள ஓர் ஏற்பியோடு சேர்ந்து உட்கருவுக்குள் போய், வேதித் தூதுகளை எழுதும் மரபணுக்களை அடக்குகிறது. புதிய அழைப்புகள் நின்றபின் ஏற்கெனவே வந்து தங்கிய வெள்ளணுக்கள் மெல்லமெல்ல மடிய வேண்டும். முதல் நாளிலேயே சிறிது பலன் தெரியலாம், முழுப் பலனுக்கு ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். நான்காம் நாளில் தீர்ப்பு எழுதியது அவசரம். ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டு அஞ்சுபவர்களுக்கு ஒரு கணக்கு: பெரியவர்களுக்கான வழக்கமான தொடக்க அளவு, ஒவ்வொரு மூக்குத் துளையிலும் இரண்டு முறை, மொத்தம் நாளொன்றுக்கு 200 மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமில் ஐந்தில் ஒரு பங்கு. அதிலும் புளூட்டிகசோன் புரோப்பியனேட்டில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கும் குறைவாகவே இரத்தத்தை அடைகிறது.

அப்படியானால் இரத்தம் ஏன் வந்தது? ஸ்பிரேயின் முனை தவறான சுவரைப் பார்த்திருக்கிறது. இரண்டு துளைகளையும் பிரிக்கும் நடுச்சுவரின் முன்பகுதியில் நுண்குழாய்கள் நெருக்கமாகப் பின்னியிருக்கின்றன. மருந்து தினமும் அங்கேயே மோதினால் சவ்வு காய்ந்து கசியும். வலக்கையால் வலது துளையில் அடிக்கும்போது முனை இயல்பாகவே நடுச்சுவரை நோக்கித் திரும்பிவிடுகிறது. எனவே வலது துளைக்கு இடக்கையையும் இடது துளைக்கு வலக்கையையும் பயன்படுத்த வேண்டும். முனை அந்தப் பக்கத்துக் காதை நோக்கி வெளிப்புறமாகச் சாய்ந்திருக்க வேண்டும். டர்பினேட்டுகள் அந்தச் சுவரில்தான் இருக்கின்றன. தொண்டையில் பூ வாசனை இறங்கியது இரண்டாவது தவற்றின் அடையாளம். தலையை அண்ணாந்து, மூச்சை வேகமாக உறிஞ்சினால் மருந்து சவ்வில் தங்காமல் தொண்டைக்கு ஓடிவிடும். புட்டியைக் குலுக்கி, புதியதாக இருந்தாலோ சில நாள் பயன்படுத்தாமல் இருந்தாலோ மென்மையான புகைபோல வரும்வரை காற்றில் அடித்துப் பார்த்து, மூக்கைச் சிந்தி, தலையைச் சற்றே முன்னால் குனிந்து, இயல்பான மூச்சோடு அழுத்தி, வாயால் வெளிவிட வேண்டும். பிறகு கால் மணி நேரம் மூக்கைச் சிந்தக் கூடாது. உப்புநீரால் கழுவுபவர்கள் ஸ்பிரேக்கு முன்னரே கழுவிவிட வேண்டும், இல்லையேல் மருந்தையும் சேர்த்துக் கழுவியதாகிவிடும். 120 முறை அடிக்கக்கூடிய புட்டி, நாளுக்கு நான்கு முறை வீதம் முப்பதே நாளில் தீர வேண்டும். இரண்டு மாதம் வந்தால் இடையில் பல நாட்கள் விடுபட்டிருக்கின்றன என்று பொருள்.

படிப்படியாக மருந்து கூட்டும் முறையில் வாசகியின் இடம் எது? வாரத்தில் நான்கு நாளுக்குக் குறைவாக, தூக்கமும் வேலையும் கெடாத அளவில் தும்மல் மட்டும் இருந்தால் தூக்கக் கலக்கம் தராத வகை ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரையே போதும். இவருக்கோ நாள்தோறும் தொல்லை, தூக்கமும் கெடுகிறது. ஆகவே ஸ்டீராய்டு ஸ்பிரேயே முதல் மருந்து, மருத்துவர் எழுதியது சரி. சரியான முறையில் நான்கு வாரம் அடித்தும் போதவில்லை என்றால் அசெலாஸ்டின் என்ற ஹிஸ்டமின் எதிர்ப்பு ஸ்பிரே சேர்க்கப்படும்; அதன் கசப்பு இயல்பானது. அதற்கும் அடங்காவிட்டால் தோலில் குத்திப் பார்க்கும் சோதனையின் மூலம் எந்தப் பொருள் என்று உறுதிசெய்து, சுமார் மூன்றாண்டு நீளும் ஒவ்வாமை நீக்கச் சிகிச்சையைப் பற்றிப் பேசலாம். நம் ஊர்க் காற்றில் எந்த மாதத்தில் எந்த மகரந்தம் மிதக்கிறது என்று தொடர்ந்து எண்ணிப் பதிவுசெய்யும் எளிய பணிக்கு அரசு தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்தப் பதிவு இல்லாமல் இச்சிகிச்சையில் எதற்கு எதிராகப் போரிடுகிறோம் என்பதே மங்கலாகிவிடும்.

இந்தப் படிகளில் சேராத இரண்டு பொருள்கள் எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்கின்றன. ஆக்சிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் சொட்டுகள் சில நிமிடங்களில் அடைப்பைத் திறப்பதால் அவையே நல்ல மருந்து என்று தோன்றும். ஐந்து நாளுக்கு மேல் தொடர்ந்தால் மருந்தின் வேகம் இறங்கியதும் டர்பினேட்டுகள் முன்னிலும் அதிகமாக வீங்கி, சொட்டு இல்லாமல் தூங்க முடியாத நிலை வரும். ‘சளி மாத்திரை’ எனப்படுபவற்றில் தூக்கம் தரும் குளோர்ஃபெனிரமினும் ஃபீனைலெஃப்ரினும் சேர்ந்திருப்பது வழக்கம். வாய்வழி உட்கொள்ளும் ஃபீனைலெஃப்ரின் மூக்கடைப்பைத் திறப்பதில்லை என்று 2023 செப்டம்பரில் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் ஆலோசனைக் குழு ஒருமனதாக வாக்களித்தது.

வாசகிக்கு என் பதில் இதுதான். இரத்தம் நின்றிருந்தால், மருத்துவரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டு, கையை மாற்றிப் பிடித்து, தலையணை உறையை வாரந்தோறும் வெந்நீரில் துவைத்தபடி, ஸ்பிரேயை மீண்டும் தொடங்கி நான்கு வாரம் விடாமல் அடியுங்கள். ஒரு மாதம் நன்றாக இருந்தால் ஒவ்வொரு துளைக்கும் ஒரு முறை என்று மருத்துவர் குறைப்பார். இடையில் அடைப்போ இரத்தமோ ஒரே பக்கத்தில் மட்டும் தொடர்ந்தாலும், முகர்திறன் போனாலும், நெஞ்சில் வீசிங் கேட்டாலும் நான்கு வாரம் வரை காத்திருக்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரை நேரில் பாருங்கள்.