வீடியோ ‘பிராசஸிங்’கிலேயே நிற்கிறதா? அழிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

மதுரையில் வீடியோ எடிட்டிங் தொழில் செய்கிறேன். திருமணம், காதுகுத்து, கோயில் கொடை என்று படம் பிடிப்பவர்கள் என்னிடம் வருவது போலவே, சொந்தமாக யூடியூப் சேனல் நடத்தும் இளைஞர்களும் வருகிறார்கள். பொங்கல் நாட்களிலும் சித்திரைத் திருவிழாச் சமயத்திலும் அவர்களிடமிருந்து எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைத்தான் கொண்டுவருகின்றன: வீடியோ ஏறிவிட்டது, ஆனால் ‘பிராசஸிங்’ என்றே மணிக்கணக்காகக் காட்டுகிறது, என்ன செய்வது? இந்தக் கேள்விக்குள் இரண்டு வேறு நிலைமைகள் கலந்திருக்கின்றன. ஒன்றில் காத்திருந்தால் மட்டும் போதும். மற்றொன்றில் எவ்வளவு காத்திருந்தாலும் பயனில்லை. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் ஓர் இரவு முழுவதையும் இழந்த ஒரு தம்பியின் அனுபவத்தை, அவருடைய இசைவோடு, இங்கே விவரமாக எழுதுகிறேன்.

அவர் மேலூர்ப் பக்கம். ஜல்லிக்கட்டுக் காளைகளைப் பற்றி ஒரு சேனல் நடத்துகிறார். மாட்டுப் பொங்கலன்று பாலமேட்டில் காலையிலிருந்து மாலை வரை படம் பிடித்து, இடையிடையே மடிக்கணினியில் வெட்டி ஒட்டி, 48 நிமிடப் படம் ஒன்றை முடித்தார். வாடிவாசலிலிருந்து காளை பாயும் வேகம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக 4கே அளவில், நொடிக்கு 60 ஃபிரேம் என்ற கணக்கில், 68 எம்பிபிஎஸ் பிட்ரேட்டில், அதாவது நொடிக்கு 68 மெகாபிட் தரவு என்ற அளவில், எக்ஸ்போர்ட் செய்திருந்தார். கோப்பின் அளவு 24 ஜிபிக்குச் சற்று மேல். வீட்டு இணைப்பில் பதிவேற்ற வேகம் 40 எம்பிபிஎஸ். இரவு 8 மணிக்குத் தொடங்கிய பதிவேற்றம் 9.20-க்கு முடிந்தது. அதில் எந்தக் குறையும் இல்லை; அந்த அளவுக்கும் அந்த வேகத்துக்கும் ஏறத்தாழ 82 நிமிடம் ஆகத்தான் வேண்டும்.

சிறிது நேரத்தில் வீடியோ ஓடத் தொடங்கியது. அவரும் காளை உரிமையாளர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இணைப்பைப் போட்டுவிட்டார். ஆனால் பார்த்தவர்கள் எல்லோரும் படம் மங்கலாக இருக்கிறது என்றே சொன்னார்கள். தரத்தைத் தேர்ந்தெடுக்கும் பல்சக்கரக் குறியைத் தொட்டுப் பார்த்தால் 360p மட்டுமே இருந்தது. யூடியூப் ஸ்டுடியோ பக்கத்தில் ‘பிராசஸிங்’ என்ற சொல் மாறவில்லை. இரண்டு மணி நேரம் பொறுத்துவிட்டு, 11.20-க்கு அதை அழித்துவிட்டு அதே கோப்பை மறுபடி ஏற்றினார். அதிகாலை 3 மணிக்கு மீண்டும் அதே நிலை. அதையும் அழித்தார்.

இங்கே நின்று, அந்த இரண்டு மணி நேரத்தில் யூடியூபின் கணினிகள் என்ன செய்துகொண்டிருந்தன என்பதைப் பார்ப்பது நல்லது. நாம் அனுப்பும் கோப்பு அப்படியே யாருக்கும் காட்டப்படுவதில்லை. அதைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் 144p, 240p, 360p என்று தொடங்கி 2160p வரையில் ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனியாகப் புதிதாகச் சுருக்கி எழுதுகிறார்கள். பேருந்தில் குறைந்த சிக்னலில் கைப்பேசி வைத்திருப்பவருக்கு ஒன்று, வீட்டில் பெரிய டிவி வைத்திருப்பவருக்கு ஒன்று என்று ஒரே படத்துக்குப் பல பிரதிகள் உருவாகின்றன. இந்த வேலை எவ்வளவு கனமானது என்றால், இதற்கென்றே கூகுள் நிறுவனம் தனிச் சிப்புகளை வடிவமைத்துப் பயன்படுத்துவதாக 2021-இல் அறிவித்தது.

சிறிய அளவுகள் முதலில் தயாராகும்; அவை தயாரானதுமே வீடியோவைப் பார்க்க முடியும். பெரிய அளவுகள் பின்னால் வந்து சேரும். எவ்வளவு பின்னால் என்பது படத்தின் நீளத்தை மட்டும் பொறுத்ததன்று. 1080p படத்தின் ஒரு ஃபிரேமில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள் இருக்கின்றன. 4கே ஃபிரேமில் சுமார் 83 லட்சம், அதாவது நான்கு மடங்கு. நொடிக்கு 30 ஃபிரேம் 60 ஆகும்போது அது இன்னொரு முறை இரட்டிக்கிறது. ஆகவே 48 நிமிட 4கே 60 படத்தில் உள்ள புள்ளிகள், அதே நீளமுள்ள 1080p 30 படத்தில் உள்ளதைப் போல எட்டு மடங்கு. போதாததற்கு, 1080p வரையில் பயன்படும் எளிய சுருக்கமுறையை விட்டு, 4கே பிரதிகளை யூடியூப் விபி9, ஏவி1 போன்ற முறைகளில் தருகிறது. அவை கோப்பைச் சிறிதாக்கும், ஆனால் எழுதி முடிக்கக் கூடுதல் நேரம் பிடிக்கும்.

யூடியூபின் உதவிப் பக்கமே ஓர் அளவுகோல் தருகிறது: நொடிக்கு 30 ஃபிரேம் உள்ள ஒரு மணி நேர 4கே வீடியோ, உயர்தரப் பிரதிகள் எல்லாம் முடிய 4 மணி நேரம் வரை ஆகலாம், 60 ஃபிரேம் என்றால் அதற்கும் மேல். அந்தக் கணக்கை 48 நிமிடத்துக்குப் பொருத்தினால் 30 ஃபிரேமுக்கே மூன்று மணி நேரத்துக்கு மேல் வருகிறது. தம்பியின் படம் 60 ஃபிரேம். அவர் இரண்டாவது மணியில் அழித்தது, நலமாக நடந்துகொண்டிருந்த வேலையை. மறுபடி ஏற்றியபோது வரிசையில் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. குழுக்களில் போட்ட இணைப்பும் செத்துப்போனது. ஏனென்றால் யூடியூபில் ஒரு வீடியோவின் இடத்தில் வேறு கோப்பை மாற்றி வைக்க வழியில்லை, ஒவ்வொரு பதிவேற்றத்துக்கும் புதிய முகவரிதான்.

பதிவேற்றம் நூறு விழுக்காடு முடிந்த பிறகு உலாவியை மூடிவிடலாம், கணினியையும் அணைத்துவிடலாம். மீதி வேலை நம் வீட்டில் நடப்பதில்லை. இதை நம்பாமல் விடிய விடியத் திரையைத் திறந்து வைத்திருப்பவர்கள் பலர்.

இனி இரண்டாவது நிலைமைக்கு வருகிறேன். அதிகாலை 3 மணிக்கு, எக்ஸ்போர்ட்டிலேயே கோளாறு என்று முடிவு செய்த தம்பி, புதிதாக எக்ஸ்போர்ட் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டார். விடியும் முன் கரண்ட் போனது. மடிக்கணினியின் பேட்டரி பழையது, தாங்கவில்லை. காலையில் எழுந்து பார்த்தபோது கோப்பு அந்தப் பெயரில் இருந்தது. ஓட்டிப் பார்க்காமல் ஏற்றினார். அரை மணி நேரத்தில் ஏறிவிட்டது. அதன்பின் நண்பகல் வரை 0% என்ற எண் அசையவில்லை. அப்போதுதான் என்னை அழைத்தார்.

“அண்ணே, ராத்திரியாவது மங்கலா ஓடுச்சு. இப்ப அதுவும் ஓடல. சேனல முடக்கிட்டாங்களாண்ணே?”

“கோப்பு எத்தனை ஜிபி இருக்கு, பாருங்க தம்பி” என்றேன்.

“ஒம்பதுண்ணே.”

அந்த ஒரு பதிலில் விஷயம் பிடிபட்டுவிட்டது. அதே படம், அதே அமைப்பு. நேற்று 24 ஜிபி, இன்று 9 ஜிபி என்றால் கோப்பு பாதியிலேயே நின்றிருக்கிறது. பிட்ரேட்டை நொடிகளோடு பெருக்கி, எட்டு பிட் ஒரு பைட் என்பதால் 8-ஆல் வகுத்தாலே கோப்பு எவ்வளவு இருக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்: 68 எம்பிபிஎஸ் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 510 எம்பி.

பாதி கோப்பு என்றால் பாதிப் படமாவது ஓட வேண்டாமா என்று கேட்கலாம். பொதுவாக ஓடாது. .mp4 கோப்பில் படமும் ஒலியும் ஒரு பகுதியாகவும், எந்த ஃபிரேம் எந்த இடத்தில் இருக்கிறது, எந்த நொடிக்கு உரியது என்ற குறிப்பு வேறொரு பகுதியாகவும் எழுதப்படுகின்றன. புத்தகத்தின் பொருளடக்கம் போன்ற அந்தப் பகுதிக்கு moov என்று பெயர். எல்லா ஃபிரேமும் எழுதி முடித்த பிறகே எது எங்கே என்று தெரியும் என்பதால், பெரும்பாலான மென்பொருள்கள் அதைக் கடைசியில் எழுதுகின்றன. இடையில் மின்சாரம் போனாலோ, ஹார்ட் டிஸ்க் நிரம்பினாலோ, பென் டிரைவை அவசரமாகப் பிடுங்கினாலோ, அது எழுதப்படாமலே போகும். உள்ளே பல ஜிபி படம் இருந்தும், எங்கே தொடங்கிப் படிப்பது என்று எந்தக் கணினிக்கும் தெரியாது.

அவர் கணினியில் எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருள் இருந்ததால், இந்தக் கட்டளையைத் தட்டச் சொன்னேன்:

```
ffprobe -hide_banner palamedu.mp4
```

திரையில் வந்தது இது:

```
moov atom not found
palamedu.mp4: Invalid data found when processing input
```

இந்த வரி வந்துவிட்டால் யூடியூபைக் குறை சொல்லவும் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம். அத்தகைய கோப்பு 0%-இல் நின்று, பின்னர் ‘Processing abandoned’ என்று காட்டிவிட்டுக் கைவிடப்படும். எஃப்எஃப்எம்பெக் இல்லாதவர்கள் விஎல்சி பிளேயரில் திறந்து, கடைசி ஒரு நிமிடத்துக்குத் தாவிப் பார்த்தால் போதும். நல்ல கோப்பு தயங்காமல் அந்த இடத்துக்குப் போகும்.

முழுமையான கோப்பாக இருந்து, பொருளடக்கம் மட்டும் கடைசியில் இருக்குமானால் அது குற்றமில்லை. ஆனாலும் அதை முன்னால் வைக்கும்படி யூடியூபின் பரிந்துரை சொல்கிறது. கோப்பு முழுவதும் வந்து சேரும் முன்பே படிக்கத் தொடங்க அது வழி செய்கிறது. எடிட்டிங் மென்பொருளில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்’ என்ற தேர்வு இல்லையென்றால், தரம் சிறிதும் குறையாமல் இப்படி மாற்றலாம்:

```
ffmpeg -i in.mp4 -c copy -movflags +faststart out.mp4
```

பாதியில் நின்ற கோப்பை இந்தக் கட்டளை காப்பாற்றாது. அதற்கு மறுபடி எக்ஸ்போர்ட் செய்வதே வழி.

எப்போது சந்தேகப்பட வேண்டும் என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவு இதுதான். பதிவேற்றம் முடிந்த பின் தாழ்ந்த தரத்திலாவது வீடியோ ஓடுகிறது என்றால் கோப்பு படிக்கப்பட்டுவிட்டது. மீதிக்குக் காத்திருக்கலாம், 4கே என்றால் மறுநாள் காலை வரையிலும் கூட. ஒரு மணி நேரத்துக்கு மேலாகியும் 360p கூட வரவில்லை, எண்ணும் நகரவில்லை என்றால் ஸ்டுடியோவில் எதையும் தொடாமல் முதலில் உங்கள் கணினியில் உள்ள கோப்பைச் சோதியுங்கள். பின்னணியில் ஒலிபெருக்கிப் பாட்டு கேட்பதால் காப்புரிமைச் சோதனை வீடியோவைப் பிடித்து வைத்திருக்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அந்தச் சோதனை தனியாக நடப்பது. அதன் முடிவும் தனியாகவே காட்டப்படும்.

தம்பியை அன்று 1080p, 60 ஃபிரேம், 12 எம்பிபிஎஸ் என்ற அமைப்பில் எக்ஸ்போர்ட் செய்யச் சொன்னேன்; அந்த அளவுக்கு யூடியூப் பரிந்துரைக்கும் பிட்ரேட் அதுவே. கோப்பு 4.3 ஜிபியாக வந்தது. கடைசி நிமிடத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு, ‘பிரைவேட்’ என்று வைத்து ஏற்றினார். கால் மணி நேரத்தில் ஏறியது. பல்சக்கரக் குறியில் 1080p60 தெரிந்த பிறகே ‘பப்ளிக்’ ஆக்கினார். அதுவரை யாருக்கும் இணைப்பை அனுப்பவில்லை. அலங்காநல்லூரில் அன்றைய ஜல்லிக்கட்டு முடியும் முன்பே பாலமேட்டுக் காளைகள் தெளிவாக ஓடத் தொடங்கிவிட்டன. 0%-இல் நின்ற பழைய பதிவை அதன் பிறகுதான் அழிக்கச் சொன்னேன்.