ஸ்டொப் பட்டனின் வயர் அறுந்தால் பெல்ட் நிற்குமா, ஓடுமா?

தேயிலை ஸ்டோரில் மேல்மாடியில் வாடி முடிந்த கொழுந்து கீழே ரோலருக்கு வர வேண்டும். அதைக் கொண்டுவரும் பெல்ட் கன்வேயருக்கு இரண்டே பட்டன்தான்: பச்சை ஸ்டார்ட், சிவப்பு ஸ்டொப். பச்சையை ஒரு தட்டுத் தட்டினால் ஓடும், சிவப்பைத் தட்டினால் நிற்கும். இதற்கு ஒரு பி.எல்.சி., அதாவது எழுதிக்கொடுத்தபடி இயந்திரங்களை இயக்கும் சிறு கணினிப் பெட்டி, தேவையா என்று டீமேக்கர் கேட்டால், பெல்ட் ஒன்றுக்கு மட்டும் என்றால் தேவையில்லை என்பதுதான் நேர்மையான பதில். ஆனால் பெல்ட், ரோலர், ரோல் பிரேக்கர் எல்லாம் ஒன்றை ஒன்று பார்த்து ஓட வேண்டும் என்று வரும்போது பி.எல்.சி. வந்துவிடும். அப்போது இந்த இரண்டு பட்டன் சங்கதிதான் அதில் எழுதப்படும் முதல் வரி. அதிகம் பேர் தடுமாறுவதும் அந்த வரியில்தான்.

1968இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் தொழிற்சாலைகளில் சுவர் நிறைய இருந்த ரிலேக்களுக்கு, அதாவது மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்சுகளுக்கு, மாற்று கேட்டது. அதற்காக டிக் மோர்லியும் கூட்டாளிகளும் செய்த மொடிகொன் 084 என்ற பெட்டி 1969இல் வந்தது. எலக்ட்ரீசியன்கள் ஏற்கெனவே ரிலே வரைபடம் படிக்கப் பழகியவர்கள். அதனால் புது மொழி கற்றுக்கொடுக்காமல் அந்த வரைபடத்தையே நிரல் எழுதும் மொழியாகக் கொடுத்தார்கள். இடப்பக்கம் ஒரு செங்குத்துக் கோடு, வலப்பக்கம் ஒன்று, நடுவில் ஏணிப்படி போலக் குறுக்குக் கோடுகள். ஏணி லாஜிக் அதுதான். வசதியான ஏற்பாடு, ஆனால் ஒரு பொறியும் உள்ளே இருக்கிறது. பார்க்க வயர் மாதிரி இருந்தாலும், திரையில் இருப்பது வயர் அல்ல.

நம் பெல்ட்டுக்கான படி இப்படி இருக்கும்:

```
|   X0       X1     X2       Y0  |
|--] [--+---] [----] [------( )--|
|   Y0  |                        |
|--] [--+                        |
```

X0 ஸ்டார்ட் பட்டன், X1 ஸ்டொப் பட்டன், X2 மோட்டர் அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்தால் விழும் ஓவர்லோட் ரிலேயின் துணைத் தொடுமுனை. Y0 என்பது மோட்டருக்கு மின்சாரத்தை இணைக்கும் பெரிய சுவிட்சான கொன்டாக்டருக்குப் போகும் வெளியீடு. `] [` குறி ஒவ்வொன்றும் பி.எல்.சி.யிடம் ஒரு கேள்வி கேட்கிறது: இந்த இடத்தில் இப்போது 1 இருக்கிறதா? உள்ளீட்டு முனையில் 24 வோல்ட் வந்துகொண்டிருந்தால் 1, வராவிட்டால் 0. இடமிருந்து வலம் வரை ஏதாவது ஒரு பாதையில் எல்லாக் கேள்விக்கும் 'ஆம்' என்று பதில் கிடைத்தால் Y0 இயங்கும்.

பி.எல்.சி. இதை ஒரே வேலையாகத் திரும்பத் திரும்பச் செய்கிறது. முதலில் எல்லா உள்ளீடுகளையும் ஒரே தடவையில் வாசித்துக்கொள்ளும், பிறகு படிகளை மேலிருந்து கீழாகக் கணக்குப் பார்க்கும், கடைசியில் விடைகளை வெளியீடுகளுக்கு அனுப்பும். ஒரு சுற்றுக்குச் சில மில்லி செக்கன்தான். நம் விரல் பட்டனில் இருக்கும் நேரம் அதைவிடப் பல மடங்கு அதிகம்.

சரி, இப்போது பச்சையை அமுக்குவோம். X0 1 ஆகிறது. X1, X2 ஏற்கெனவே 1. அந்தச் சுற்றில் Y0 1 ஆகிவிடும். அடுத்த சுற்றில் கீழ்க்கிளையில் உள்ள Y0 தொடுமுனையும் 'ஆம்' என்கிறது. விரலை எடுக்கிறோம், X0 0 ஆகிவிட்டது, ஆனால் கீழ்க்கிளை வழியாகப் பாதை திறந்தே இருக்கிறது. Y0 தன்னைத் தானே பிடித்துக்கொண்டிருக்கிறது. சிவப்பை அமுக்கினால் X1 0 ஆகும், பாதை அறும், Y0 விழும். சிவப்பை விட்டதும் X1 மறுபடி 1 ஆகிவிடும், ஆனால் அப்போது X0வும் இல்லை, Y0வும் இல்லை. பெல்ட் நின்றபடியே இருக்கும். இரண்டையும் ஒன்றாக அமுக்கினாலும் ஸ்டொப்தான் வெல்லும், ஏனென்றால் X1 இரண்டு கிளைகளுக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறது. அதைக் கீழ்க்கிளைக்குள் மட்டும் வைத்துவிட்டால், ஸ்டார்ட்டைப் பிடித்தபடி இருக்கும் ஒருவரை ஸ்டொப்பால் வெல்ல முடியாது.

ஸ்டொப் பட்டன் கம்பி வழியில் என்.சி., அதாவது அமுக்காதபோது மூடியிருப்பது. அதைப் படத்தில் ஏன் மூடிய தொடுமுனையாகப் போடாமல் திறந்த தொடுமுனை போன்ற `] [` குறியாகப் போட்டிருக்கிறோம் என்று கேட்காத பயிலுநர் இல்லை. ரிலே வரைபடம் படித்துப் பழகிய கை தானாகவே `]/[` குறியைப் போட்டுவிடும். அந்தக் குறி கேட்பது, இங்கே 0 இருக்கிறதா என்று. பட்டனை யாரும் தொடாதபோது X1இல் 24 வோல்ட் இருக்கிறது, அதாவது 1. ஆகவே பதில் 'இல்லை', பாதை அடைபட்டுவிடுகிறது. பட்டன் ஏற்கெனவே மூடியிருப்பதால் மின்சாரம் வந்து சேர்ந்துவிட்டது. படி செய்ய வேண்டியது அது வந்துகொண்டிருக்கிறதா என்று பார்ப்பது மட்டும்தான்.

இந்தத் தவறு நடந்திருந்தால் அறிகுறி விசித்திரமாக இருக்கும். "அண்ணே, ஸ்டார்ட்ட அமுக்குனா ஒண்ணுமே நடக்கல. ஸ்டொப்ப அமுக்கிப் புடிச்சிக்கிட்டு ஸ்டார்ட்ட அமுக்குனா ஓடுது, ஸ்டொப்ப விட்டா நிக்குது" என்று தம்பி வந்து சொன்னால், வயரிங் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். X1இன் குறி தலைகீழாக இருக்கிறது.

இங்கேதான் உண்மையான ஆபத்து. குறியைத் திருத்துவதற்கு மடிக்கணினியும் கேபிளும் வேண்டும். பட்டனுக்குப் பின்னால் உள்ள என்.சி. துண்டைக் கழற்றி, அமுக்காதபோது திறந்திருக்கும் என்.ஓ. துண்டைப் போடுவதற்கு ஒரு ஸ்க்ரூ ட்ரைவர் போதும். அப்படிச் செய்தாலும் எல்லாம் சரியாக வேலை செய்யும். பச்சைக்கு ஓடும், சிவப்புக்கு நிற்கும், எத்தனை தடவை சோதித்தாலும் குறை தெரியாது. பிறகு ஒரு நாள் ரோலரின் அதிர்வில் X1 முனையின் திருகு தளர்கிறது, அல்லது எலி வயரைக் கடித்துவிடுகிறது. என்.ஓ. பட்டனுக்கு வயர் அறுந்ததும், யாரும் அமுக்காமல் இருப்பதும் பி.எல்.சி.க்கு ஒன்றுதான், இரண்டும் 0. பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். சிவப்புப் பட்டன் செத்துவிட்டது என்பது, யாரோ ஒருவருக்கு அது அவசரமாகத் தேவைப்படும் நொடியில்தான் தெரியவரும். என்.சி. பட்டனில் வயர் அறுந்தால் X1 0 ஆகிறது, பெல்ட் அங்கேயே நிற்கிறது. அரை மணி நேர வேலை கெடும், டீமேக்கர் சத்தம் போடுவார், அவ்வளவுதான்.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். பெல்ட் நிற்கும்போது பி.எல்.சி.யின் முகப்பில் X1க்கு நேரே உள்ள சிறு விளக்கு எரிந்துகொண்டிருக்க வேண்டும். எரியாவிட்டால் பட்டனில் என்.ஓ. துண்டு இருக்கிறது, அல்லது வயரில் ஏதோ கோளாறு. ஓவர்லோடுக்கும் இதே கதைதான். அதன் 95, 96 முனைகள் என்.சி., 97, 98 என்.ஓ. X2க்கு 95–96 வழியாகத்தான் 24 வோல்ட் வர வேண்டும்.

அடுத்தது கரண்ட். மழைக்காலத்தில் மரக்கிளை லைனில் விழுவதும் கரண்ட் போவதும் மலைநாட்டில் புதிய செய்தி அல்ல. கரண்ட் போனால் பி.எல்.சி. அணைகிறது, Y0 0 ஆகிறது. திரும்பி வரும்போது பிடிப்பு இல்லை, யாராவது மறுபடி பச்சையை அமுக்கினால்தான் ஓடும். பெல்ட் நின்ற நேரத்தில் ஒருவர் கையை உள்ளே விட்டுச் சிக்கிய கொழுந்தை எடுத்துக்கொண்டிருந்தால், அவரைக் காப்பது இந்தக் குணம்தான். 1 ஆக்கிப் பிடித்துவைக்கும் SET, அதை விடுவிக்கும் RST என்ற இரண்டு கட்டளைகளாலும் இதே ஸ்டார்ட் ஸ்டொப்பை எழுதலாம். ஆனால் கரண்ட் போனாலும் மறக்காத நினைவிடம் ஒன்றை SET செய்துவிட்டால், கரண்ட் வந்ததும் பெல்ட் தானாகக் கிளம்பிவிடும். பெல்ட்டுக்கு அந்த வழி வேண்டாம் என்பது என் கட்சி.

தன்னைப் பிடிக்கும் கிளையை ஒழுங்காகப் போட்டவர்களும் மாட்டிக்கொள்ளும் ஓர் இடம் உண்டு. பி.எல்.சி. அடிக்கடி அணையக் கூடாது என்று அதற்கு மட்டும் யூ.பி.எஸ். வைப்பார்கள். இப்போது கரண்ட் போனால் கொன்டாக்டரின் சுருள் மின்சாரம் இழந்து விழுகிறது, பெல்ட் நிற்கிறது. ஆனால் பி.எல்.சி. விழித்திருக்கிறது. அதன் கணக்கில் Y0 இன்னும் 1. ஜெனரேட்டர் கிளம்பியதும் கொன்டாக்டர் இழுக்க, யாரும் பட்டனைத் தொடாமலே பெல்ட் ஓடும்.

தீர்வு, பி.எல்.சி. தான் சொன்னதை நம்பாமல், நடந்ததைப் பார்ப்பது. கொன்டாக்டரின் 13–14 துணைத் தொடுமுனையை X3 என்று உள்ளே கொண்டுவந்து, கீழ்க்கிளையில் Y0க்குப் பதில் X3ஐப் போடலாம். கொன்டாக்டர் விழுந்தால் பிடிப்பும் விழும். கொன்டாக்டர் இழுத்து மூடச் சில பத்து மில்லி செக்கன் எடுக்கும், விரல் அதைவிட நீண்ட நேரம் பட்டனில் இருப்பதால் பிரச்சினை இல்லை. ஆனால் ஸ்டார்ட் பட்டன் கொழுந்துச் சாறும் தூசும் பிடித்து அமுங்கியபடி சிக்கிக்கொண்டால், ஸ்டொப்பை விட்ட கணமே பெல்ட் மறுபடி ஓடும். அதைத் தடுக்க, X0 0இலிருந்து 1க்கு மாறும் ஒரு சுற்றை மட்டும் ஏற்கும் விளிம்புத் தொடுமுனையைச் சிலர் போடுவார்கள். அதுவும் X3 பிடிப்பும் ஒன்றாகச் சேர்ந்தால் கொன்டாக்டர் 'டக்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு விழுந்துவிடும், அல்லது சத்தமே வராது. ஒரு சுற்று நேரம் அதற்குப் போதாது. அப்போது Y0 பிடிப்பையே வைத்துக்கொண்டு, காவலுக்கு ஒரு டைமர் சேர்க்க வேண்டும்:

```
|  X0↑      X1    X2    T0    Y0      |
|--] [--+--] [---] [---]/[---( )------|
|   Y0  |                             |
|--] [--+                             |
|   Y0      X3                        |
|--] [-----]/[------------(T0 K10)----|
```

T0 நூறு மில்லி செக்கன் டைமர் என்றால் K10 என்பது ஒரு செக்கன். Y0 1 ஆக இருந்தும் X3 ஒரு செக்கன் வரை வராவிட்டால் T0 முதல் படியை அறுத்துவிடும். ஜெனரேட்டருக்கு மாறும் இடைவெளி அதைவிட நீளம் என்பதால் பெல்ட் தானாகக் கிளம்பாது. ஒரு செக்கனுக்குள் போய் வரும் கரண்டை இது கவனிக்காது.

X3 இன்னொன்றையும் சொல்லித்தரும். Y0 0, ஆனால் X3 இன்னும் 1 என்றால் கொன்டாக்டரின் தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். அந்த நிலையில் பி.எல்.சி. ஒரு மணியடிக்கலாம், பெல்ட்டை நிறுத்த முடியாது. Y0க்கு உள்ளே இருக்கும் குட்டி ரிலேயே ஒட்டிக்கொண்டாலும் அப்படித்தான், படியில் என்ன எழுதியிருந்தாலும் பயனில்லை. அதனால் பெல்ட் நெடுகப் போகும் அவசர இழுகயிற்றின் தொடுமுனையைக் கொன்டாக்டர் சுருளுக்குப் போகும் வயரிலேயே நேரடியாகச் சேர்ப்பார்கள். பி.எல்.சி.க்கு இழுத்த செய்தி மட்டும் இன்னொரு உள்ளீடாகப் போகும். ஒட்டிக்கொள்ளும் கொன்டாக்டரையும் கணக்கில் எடுப்பவர்கள் இரண்டு கொன்டாக்டரை வரிசையாக வைத்து, இழுகயிறு இரண்டையும் விழுத்தும்படி செய்வார்கள்.