நரி விரட்டும் நேரம்

பிறந்து பதினைந்து நாளான குழந்தை தொட்டிலில் தூங்குகிறது. மூடிய இமைகளுக்குள் கருவிழிகள் இங்கும் அங்கும் உருள்கின்றன. உதடு கோணி ஒரு சிரிப்பு வருகிறது. அது மறைவதற்குள் முகம் சுருங்கி அழுகைக்குப் போகிறது. இடது கைச் சுண்டுவிரல் மட்டும் இருமுறை துடிக்கிறது. மூச்சு வேகமாக வந்து, ஓரிரு நொடி நின்று, மறுபடி ஓடுகிறது. எங்கள் வீட்டில் இதைப் பார்த்ததும் பாட்டி சொன்னது, "நரி விரட்டுது, தொடாதே." நரியைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் தொடாதே என்றது மிகச் சரியான யோசனை.

பாட்டி பார்த்தது தூக்கத்தின் ஒரு தனி வகை. பெரியவர்களிடம் இதற்கு விரைவிழித் தூக்கம் என்று பெயர். பொதுவழக்கில் கனவுத் தூக்கம். பச்சிளங்குழந்தையிடம் இதைச் சலனத் தூக்கம் என்று சொல்வதே பொருத்தம். இதற்கு எதிர்த்தரப்பு அமைதித் தூக்கம். அதில் கண் உருளாது, முகம் அசையாது, மூச்சு கடிகாரம் போலச் சீராக வரும். எப்போதாவது உடல் முழுவதும் ஒருமுறை திடுக்கிட்டு அடங்கும், அவ்வளவுதான். இரண்டிலும் சேராத குழப்பமான நேரமும் சிறிது உண்டு. பிறந்த குழந்தையிடம் இருப்பவை இவைதான். பெரியவர்களின் தூக்கத்தில் உள்ள லேசான, நடுத்தர, ஆழ்ந்த படிகள் இன்னும் உருவாகவில்லை.

விரைவிழித் தூக்கம் கண்டுபிடிக்கப்பட்டதே குழந்தைகளால்தான் என்றும் சொல்லலாம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜீன் அசரின்ஸ்கி, நதேனியல் கிளைட்மேனின் மாணவராக இருந்தபோது, தூங்கும் குழந்தைகளின் இமையசைவை மணிக்கணக்கில் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தார். அசைவு ஓய்வதும் திரும்புவதும் ஓர் ஒழுங்கில் நடப்பதைக் கண்டபின் பெரியவர்களிடம் தேடினார். 1953-ல் வெளிவந்த அவர்களின் கட்டுரை தூக்க ஆய்வின் போக்கையே மாற்றியது.

பிறந்த குழந்தை ஒரு நாளில் ஏறக்குறைய 16 மணி நேரம் தூங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதி சலனத் தூக்கம், அதாவது 8 மணி. மீதி 8 மணி மற்றது. ஒரு வயதில் மொத்தத் தூக்கம் சுமார் 13 மணியாகிறது. கனவுத் தூக்கத்தின் பங்கு ஏறக்குறைய 30 சதவீதம், அதாவது 4 மணி. மீதி 9 மணி. இப்போது கழித்துப் பாருங்கள். மொத்தத்தில் குறைந்தது 3 மணி, ஆனால் கனவுத் தூக்கத்தில் குறைந்தது 4 மணி. அமைதித் தூக்கம் குறையவே இல்லை, கொஞ்சம் கூடவும் செய்கிறது. குழந்தைக்குக் குழந்தை இந்த எண்கள் ஒன்றிரண்டு மணி மாறும்; போகும் திசை மாறாது. விழித்து விளையாடக் கிடைக்கும் நேரம் முழுவதும் கனவுத் தூக்கத்தின் கணக்கிலிருந்துதான் எடுக்கப்படுகிறது.

ஏன் அதிலிருந்து மட்டும்? 1966-ல் ஹோவர்ட் ராஃப்வார்க்கும் அவருடைய சகாக்களும் ஒரு விளக்கம் சொன்னார்கள். வளரும் நரம்பு மண்டலத்துக்குத் தூண்டல் வேண்டும். வெளியுலகம் போதுமான அளவு உள்ளே வராத காலத்தில் மூளை தானே தனக்குத் தூண்டல் கொடுத்துக்கொள்கிறது. விழிப்பு நீள நீள அந்தத் தேவை குறைகிறது என்பது அவர்கள் கருத்து. பின்னாளில் அயோவா பல்கலைக்கழகத்தில் மார்க் புளும்பெர்க் குழுவினர் எலிக்குட்டிகளின் தூக்கத் துடிப்புகளை ஆராய்ந்தபோது இதற்கு வலுச் சேர்ந்தது. மூளைத்தண்டிலிருந்து புறப்படும் கட்டளையால் ஒரு கால் துடிக்கிறது. அந்தக் காலிலிருந்து உணர்வு மூளைக்குத் திரும்புகிறது. விழித்திருக்கும்போது தானே செய்யும் அசைவின் உணர்வை மூளை பெரும்பாலும் தணித்துவிடும். தூக்கத் துடிப்பின் உணர்வை அப்படித் தணிப்பதில்லை. அமைதியான வீட்டில் ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டு எந்த விளக்கு எரிகிறது என்று எலக்ட்ரீஷியன் பார்ப்பதைப் போன்றது இது. அந்தச் சுண்டுவிரல் துடிப்பும் அப்படி ஒரு சோதனையாக இருக்கலாம். மனிதக் குழந்தையிடம் இதற்கு முழு நிரூபணம் இன்னும் இல்லை.

ஆக, குழந்தை கனவு காண்கிறதா என்ற கேள்விக்குக் கண்ணசைவு சான்றாகாது. பேசத் தெரிந்த மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளை இந்தத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டபோதும் பெரும்பாலும் கனவு எதுவும் சொல்லவில்லை என்பது டேவிட் ஃபோல்க்ஸின் ஆய்வு முடிவு. கனவுத் தூக்கம் என்ற பெயர் நாம் நம்மிடமிருந்து குழந்தைக்கு ஒட்டிய பெயர்.

பங்கு குறைவது பாதிக்கதைதான். மீதிப்பாதி, அமைதித் தூக்கம் தனக்குள் படிகளைக் கட்டிக்கொள்வது. தலையில் மின்முனைகளை ஒட்டி மூளை அலைகளைப் பதிவு செய்தால், பிறந்த குழந்தையின் அமைதித் தூக்கத்தில் சில நொடி பெரிய அலைகள், சில நொடி தணிவு என மாறி மாறி வரும். குறித்த நாளில் பிறந்த குழந்தையிடம் ஒன்றரை மாதம் ஆவதற்குள் இந்த வடிவம் மறைந்துவிடும். ஏறக்குறைய அதே சமயத்தில், ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள், நொடிக்கு 12 முதல் 14 அதிர்வு கொண்ட சிறு அலைக்கொத்துகள் தோன்றும். இரு முனையும் குறுகி நடுவில் பருத்த நூற்கதிரைப் போலிருப்பதால் இவற்றைத் தூக்கக் கதிர்கள் எனலாம். மூளையின் நடுவிலுள்ள தலாமஸும் அதன் வெளி அடுக்கான மேற்புறணியும் ஒன்றோடொன்று பேசத் தொடங்கியதன் அடையாளம் இவை. முதலில் இடதுபக்கம் ஒன்று, வலதுபக்கம் ஒன்று எனத் தனித்தனியே வரும். இரண்டும் முழுமையாக ஒத்துவர இரண்டு வயதாகும். அடுத்து, மூன்று நான்கு மாதங்களில் ஆழ்ந்த தூக்கத்துக்கே உரிய பெரிய மெதுவான அலைகள் தெளிவாகும். ஆறு மாதத்துக்குள் பெரியவர்களைப் போல மூன்று படிகளைப் பிரித்துச் சொல்ல முடியும்.

இதோடு சேர்ந்து தூக்கத்தின் வாசலும் மாறுகிறது. பிறந்த குழந்தை விழிப்பிலிருந்து நேராகச் சலனத் தூக்கத்துக்குள் நுழையும். தோளில் தூங்கிய குழந்தை தொட்டிலில் வைத்ததும் விழித்துக்கொள்வது இதனால்தான்; நுழைந்த தூக்கம் எளிதில் கலைகிற வகை. இமை உருள்வது நின்று, மூச்சு சீராகி, தூக்கிய கை தொப்பென்று விழும்வரை, பெரும்பாலும் இருபது நிமிடம்போல, காத்திருந்து கிடத்தினால் நிலைக்கும். மூன்று மாதவாக்கில் வாசல் அமைதித் தூக்கத்தின் பக்கம் திரும்பிவிடுகிறது. உடலின் பகல்-இரவுக் கடிகாரமும் அப்போதுதான் ஓடத் தொடங்குவதால், ஆழ்ந்த தூக்கம் முன்னிரவிலும் கனவுத் தூக்கம் விடியலை ஒட்டியும் சேரும். இருவகைத் தூக்கமும் மாறி மாறி வந்து முடியும் ஒரு சுற்றின் நீளம் மட்டும் அவசரப்படுவதில்லை. பிறந்தபோது சுமார் 50 முதல் 60 நிமிடம். நமது 90 நிமிடத்தை எட்ட அது பள்ளி வயதுவரை எடுத்துக்கொள்ளும்.

சலனத் தூக்கத்தில் முனகலும் கைகால் உதறலும் விழிப்பு அல்ல. ஓரிரு நிமிடம் பொறுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். உடனே தூக்கினால் தூங்கும் குழந்தையை நாமே எழுப்பியதாகும். ஆனால் துடிப்பு விழித்தபிறகும் தொடர்ந்தாலோ, மூச்சு 20 நொடிக்கு மேல் நின்றாலோ, உதடு நீலமானாலோ பொறுக்கக் கூடாது, உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

குறைமாதக் குழந்தைக்கு நாள்காட்டி ஏமாற்றும். இந்த வளர்ச்சி பெரும்பாலும் பிறந்த தேதியைப் பார்ப்பதில்லை, கருவின் வயதைப் பார்க்கிறது. எட்டு வாரம் முன்னதாக, 32 வாரத்தில் பிறந்த ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். பிறந்தவுடன் அதன் தூக்கத்தில் பாதிக்கும் மேல் சலனத் தூக்கமாகவே இருக்கும். இரண்டு மாதம் கழித்துப் பதிவு செய்தால், அப்போதுதான் பிறந்த நிறைமாதக் குழந்தையின் வரைபடத்தை ஒத்திருக்கும். தூக்கக் கதிர்களைப் பார்க்க அதன் மூன்றரை, நான்கு மாதம்வரை காத்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக் குழந்தை அதே நாளில் பிறந்தது, இதற்குள் இரவெல்லாம் தூங்குகிறதே என்று கவலைப்படும் தாயிடம் மருத்துவர் முதலில் கேட்பது, பிரசவத்துக்குக் குறித்துக் கொடுத்திருந்த தேதி எது என்பதைத்தான்.