மாடியில் குடியிருப்பவர்களை மறைக்காதீர்கள்

"மேலே இருப்பவர்களும் எங்கள் ஆட்கள்தான், ஒன்றாகவே எழுதிக்கொள்ளுங்கள்." மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் முதல் கட்டமான வீட்டுப்பட்டியல் பணியில் நான் அதிகம் கேட்கும் பொய் இதுதான். ஆறு கணக்கெடுப்பாளர்களுக்கு நான் மேற்பார்வையாளர். அவர்களில் ஒருவர்கூட இதைக் கேட்காமல் வீடு திரும்புவதில்லை. இந்த வாரம் ஒரே தெருவில் மூன்று வீடுகளில் கேட்டாயிற்று. எழுதாமல் இருக்க முடியவில்லை.

அவற்றில் ஒரு வீட்டைச் சொல்கிறேன். கீழே உரிமையாளரும் அவர் மனைவியும், மூன்று அறைகள். முதல் மாடியில் வாடகைக்கு இருக்கும் குடும்பம் நான்கு பேர். இரண்டு அறைகள், ஒரு தம்பதி. மொட்டைமாடியில் தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில் ஐந்து பேர்: ஒரு தம்பதி, அவர்களுடைய மகன், மருமகள், பேரக்குழந்தை. உரிமையாளர் சொன்னபடி எழுதினால் ஒரே குடும்பம், பதினொரு பேர், ஆறு அறைகள், சொந்த வீடு. அறைக்கு இரண்டு பேர்கூட இல்லை, வசதியான குடும்பம் என்று கணக்கு முடிந்துவிடும். உள்ளபடி எழுதினால் மூன்று குடும்பங்கள். அதில் ஒன்று, இரண்டு தம்பதியர் ஒரே அறையில் படுத்துறங்கும் குடும்பம். அந்த அறைதான் நாங்கள் தேடி வந்த தகவல். அதுதான் காணாமல் போகிறது.

"வீட்டில் எத்தனை தம்பதியர்?" என்று கேட்டதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. சில இடங்களில் கணக்கெடுக்கப் போகும் எங்கள் ஆசிரியைகளிடமே "இதெல்லாம் எதற்கம்மா?" என்று சிரிக்கிறார்கள். தம்பதியர் எண்ணிக்கையை அறைகளின் எண்ணிக்கையோடு சேர்த்துப் பார்த்தால்தான் வீட்டு நெரிசல் தெரியும். நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறையைக் கணிக்க மத்திய அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு 2012-ல் சொன்ன எண்ணிக்கை கிட்டத்தட்ட 1.88 கோடி வீடுகள். அதில் ஏறத்தாழ 1.5 கோடி, தனி அறை இல்லாத தம்பதியரைக் கொண்ட நெரிசலான வீடுகளால் வந்தது. வீடே இல்லாதவர்கள் அதில் சிறு பங்குதான். அறை என்று நாங்கள் எழுதுவதற்கும் அளவு உண்டு: ஒருவர் படுக்கும் அளவுக்கு, நீளம் 2 மீட்டர், அகலம் 1.5 மீட்டர், உயரம் 2 மீட்டராவது இருக்க வேண்டும். தனிச் சமையலறை, குளியலறை, சாமான் அறை சேராது. சமைப்பதும் படுப்பதும் ஒரே அறையில் என்றால் அது சேரும்.

குடும்பம் என்பதற்கு எங்கள் அளவுகோல் அடுப்பு. பொதுவான ஒரே சமையலில் சாப்பிட்டுச் சேர்ந்து வாழ்பவர்கள் ஒரு குடும்பம். ரேஷன் அட்டை எத்தனை, பத்திரம் யார் பெயரில், வீட்டு வரி யார் கட்டுகிறார்கள் என்பதெல்லாம் இதில் வராது.

உரிமையாளர்களின் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. வாடகை என்று பதிந்தால் வரி கூடும். நாளை வாடகைதாரர் இதைக் காட்டி வீட்டில் உரிமை கேட்பார். இந்த இரண்டு பயங்களையும் தயவுசெய்து இன்றோடு விட்டுவிடுங்கள். 1948-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-வது பிரிவைப் படித்துப் பாருங்கள், சிறியதுதான். கணக்கெடுப்புப் பதிவேட்டைப் பார்வையிட எவருக்கும் உரிமை இல்லை. எந்த சிவில், கிரிமினல் வழக்கிலும் அந்தப் பதிவைச் சாட்சியமாகக் காட்ட முடியாது. இதே சட்டப்படி குற்றமாகும் செயலுக்காகத் தொடரப்படும் வழக்கு மட்டுமே விலக்கு. உங்கள் வாடகைதாரர் இதை வைத்து உங்கள் மேல் வழக்குப் போட முடியாது. "கணக்கெடுப்பில் எழுதினார்களே" என்று அவரை எதிர்த்து நீங்களும் காட்ட முடியாது. பிறகு எதற்கு ஒளிக்கிறீர்கள்?

அடுத்தது கார். தமிழ்நாட்டில் மகளிர் உரிமைத் தொகை வந்ததிலிருந்து, வாசலில் கார் நிற்கும்போதே "அது மச்சானுடையது" என்கிறார்கள். சொந்தப் பயன்பாட்டுக்கான கார் இருந்தால் தொகை கிடைக்காது என்ற விதி இருப்பது உண்மை. ஆனால் உங்கள் கார் யாருடையது என்பது வாகனப் பதிவில் ஏற்கனவே இருக்கிறது. கேஸ் இணைப்புக்கு நுகர்வோர் எண் இருக்கிறது, மின்சாரத்துக்கும் இருக்கிறது. ஒரு அரசு அலுவலகம் உங்களைச் சரிபார்க்க நினைத்தால் அங்கே போய்ப் பார்க்கும். பார்க்கவே சட்டம் அனுமதிக்காத எங்கள் பட்டியலுக்கு ஏன் வரப்போகிறது? "பெயரும் செல்பேசி எண்ணும் வாங்குகிறீர்களே" என்று ஒரு பெரியவர் மடக்கினார். நியாயமான கேள்வி. எண், கணக்கெடுப்பு தொடர்பான தகவலுக்கு மட்டும். அதுவும் பெயரும் அதே 15-வது பிரிவின் காவலில்தான் இருக்கின்றன. வெளியே வருவது ஊர் வாரி, வார்டு வாரி அட்டவணை. அதில் யார் பெயரும் இருக்காது.

கணக்கெடுப்பாளர் விவரத்தை வெளியே சொன்னால் 11-வது பிரிவின்படி அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. அத்துமீறிய கேள்வி கேட்டாலும் அதே தண்டனை. எங்கள் ஆசிரியர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: செயலியின் திரையைப் படம் பிடித்து வாட்ஸ்ஆப் குழுவில் "இப்படி எழுதலாமா?" என்று கேட்காதீர்கள். சந்தேகம் இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள். விவரம் பெரும்பாலும் கசிவது திண்ணையில்தான். பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் சாய்ந்துகொண்டு கேட்க, "கழிப்பறை இருக்கிறதா?" என்று உரக்கக் கேட்டால் எந்தச் சட்டம் காப்பாற்றும்? வீட்டாரே, "உள்ளே வந்து கேளுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். கணக்கெடுப்பாளர் மறுக்க மாட்டார்.

மற்ற கேள்விகள் எளியவை. தரை, சுவர், கூரை எதனால் ஆனது என்பதைக் கண்ணால் பார்த்தும் எழுதுவார்கள். மனை வாங்கிய விலையை யாரும் கேட்கவில்லை. குடிநீரில் மட்டும் ஒரு பிடிவாதம்: வீட்டில் குழாய் இருந்தும் குடிப்பது கேன் தண்ணீர் என்றால் கேன் என்றே சொல்லுங்கள். குழாய் என்று பெருமைக்குச் சொன்னால், உங்கள் தெருவுக்கு நல்ல தண்ணீர் கிடைக்கிறது என்று பட்டியல் சொல்லும். குடும்பத் தலைவர் யார் என்பது உங்கள் விருப்பம், பெண்ணாகவும் இருக்கலாம். கணவர் பெயரைச் சொல்லும் வழக்கமில்லாத பாட்டிகளை வற்புறுத்தக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. பேரனைக் கூப்பிட்டு எழுதிக்கொள்வோம். இந்தக் கட்டத்தில் குடும்பத் தலைவர் பட்டியல் சாதியா, பழங்குடியா, மற்றவரா என்பது மட்டுமே கேட்கப்படும். ஒவ்வொருவரின் வயது, கல்வி, சாதி எல்லாம் 2027 பிப்ரவரியில் வரும் இரண்டாம் கட்டத்தில்.

வருமானம், வங்கிக் கணக்கு எண் ஆகியவை இந்தக் கட்டத்தின் 33 கேள்விகளிலும் இல்லை. கேட்பவர் எங்கள் ஆள் இல்லை. அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். ஓடிபி எண்ணைத் தொலைபேசியில் கேட்டால் இணைப்பைத் துண்டியுங்கள். இணையத்தில் நீங்களே விவரம் பதிவதென்றால், வரும் எண்ணை நீங்களே உள்ளிடுங்கள், எவரிடமும் சொல்ல வேண்டாம். பதிந்த பிறகு கிடைக்கும் அடையாள எண்ணை மட்டும் கணக்கெடுப்பாளரிடம் காட்டினால் போதும்.

மொட்டைமாடி அறைக்குப் போகும் படிக்கட்டு உங்கள் வீட்டுக்குள்ளேதான் இருக்கும், தெரியும். எங்களை மேலே விடுங்கள். அந்த ஐந்து பேரும் தங்கள் பதிலைத் தாங்களே சொல்லட்டும்.