சிவப்பு சிக்னலில் ஹாரன்: விதி என்ன சொல்கிறது, ஏன் அடிக்கிறார்கள்

சிக்னல் சிவப்பில் இருக்கிறது. கவுண்டரில் இன்னும் 14 விநாடி பாக்கி. யாராலும் நகர முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பின்னாலிருந்து ஒரு ஹாரன் வருகிறது, அதைக் கேட்டு இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொள்கிறார்கள். இதற்குச் சட்டத்தில் இடம் உண்டா?

இல்லை. 1968-ஆம் ஆண்டு வியன்னா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தத்தின் 28-வது பிரிவு ஹாரனை இரண்டே காரணங்களுக்கு அனுமதிக்கிறது. ஒன்று, விபத்தைத் தவிர்க்க எச்சரிப்பது. இன்னொன்று, ஊர்ப்பகுதிக்கு வெளியே முந்தப் போகிறோம் என்று முன்னால் போகிறவருக்குத் தெரிவிப்பது. அதையும் தேவைக்கு மேல் நீட்டக்கூடாது. "சீக்கிரம் கிளம்பு" என்று சொல்வது இந்த இரண்டிலும் சேராது.

பிரிட்டன் இன்னும் கறாராக எழுதி வைத்திருக்கிறது. அங்கே சாலையில் வண்டி நின்றுகொண்டிருக்கும்போது ஹாரன் அடிக்கவே கூடாது. ஒரே விலக்கு, நகரும் வேறொரு வண்டியால் ஆபத்து வரும்போது. சிக்னலில் நிற்கிறீர்கள், முன்னால் இருக்கும் லாரி கவனிக்காமல் பின்னோக்கி வருகிறது என்றால் தாராளமாக அடிக்கலாம். இந்தியாவில் நின்ற வண்டி, ஓடும் வண்டி என்ற பிரிவினை இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தின்போது சேர்ந்த 194-எஃப் பிரிவு, தேவையில்லாமலோ, தொடர்ச்சியாகவோ, பாதுகாப்புக்கு வேண்டியதைவிட அதிகமாகவோ ஹாரன் அடிப்பதைக் குற்றமாக்குகிறது. முதல் தடவை 1,000 ரூபாய், அடுத்தடுத்த தடவைகளுக்கு 2,000 ரூபாய் அபராதம். சிவப்பில் நிற்கிற வண்டியைப் பார்த்து அடிப்பது "தேவையில்லாமல்" என்பதற்குள் அடங்கிவிடும்.

சரி, விதி இவ்வளவு தெளிவாக இருந்தும் ஏன் அடிக்கிறார்கள்? பொறுமை இல்லை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் வரிசை எப்படி நகர்கிறது என்று பார்த்தால் வேறு ஒன்று தெரியும்.

ஒரே லேனில் பத்து கார் நிற்பதாக வைத்துக்கொள்வோம். பச்சை விழுந்ததும் பத்தும் ஒன்றாகக் கிளம்புவதில்லை. முதல் காரின் டிரைவர் விளக்கைப் பார்த்து, காலை மாற்றி, வண்டியை நகர்த்த வேண்டும். அவர் கொஞ்சம் விலகிய பிறகுதான் இரண்டாமவர் கிளம்புவார். இந்த அசைவு பின்னோக்கிப் பரவ ஒரு காருக்கு ஏறத்தாழ ஒரு விநாடி பிடிக்கும். அதாவது பத்தாவது காரில் இருப்பவர் பச்சையைக் கண்ணால் பார்த்தபடியே பத்து விநாடி போல அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். முன்னால் யாரோ தூங்குகிறார் என்றுதான் அவருக்குத் தோன்றும். உண்மையில் யாரும் தூங்கவில்லை.

சிக்னலின் நிறுத்தக் கோட்டைத் தாண்டும் கணக்கையும் பார்ப்போம். ஆரம்பத் தயக்கத்தில் சுமார் இரண்டு விநாடி வீணாகும், அப்புறம் ஒரு காருக்குச் சுமார் இரண்டு விநாடி என்பது போக்குவரத்துப் பொறியாளர்கள் சிக்னல் நேரம் போடும்போது எடுத்துக்கொள்ளும் பொதுவான அளவு. அந்தக் கணக்கில் பத்தாவது கார் கோட்டைத் தாண்டுவது பச்சை விழுந்து 22-வது விநாடி வாக்கில். பச்சை 20 விநாடிதான் என்றால் அவர் அடுத்த சுற்றுக்கு நிற்க வேண்டியதுதான். இதில் ஹாரனால் எவ்வளவு மிச்சம் பிடிக்க முடியும்? முதல் டிரைவர் நிஜமாகவே கவனம் சிதறியிருந்தால் ஒன்றிரண்டு விநாடி. மீதி எல்லாம் வண்டிக்கு வண்டி விடும் இடைவெளி. ஹாரன் சத்தத்துக்கு அது சுருங்காது, சுருங்கினால் பம்பர் இடிக்கும். பைக்குகள் முன்னால் புகுந்து நிற்கும் இடங்களில் இந்த எண்கள் மாறும், ஆனால் அசைவு முன்னிருந்து பின்னாக வருவது மாறாது.

பின்வரிசைக்காரர் இந்தப் பத்து விநாடியை ஏற்கெனவே பலமுறை அனுபவித்தவர். அதனால் கவுண்டர் மூன்று, இரண்டு என்று இறங்கும்போதே முன்கூட்டி அடிக்கிறார். அடித்ததும் பச்சை விழுகிறது, வரிசை நகர்கிறது. அடிக்காவிட்டாலும் அப்படித்தான் நகர்ந்திருக்கும். ஆனால் அதைச் சோதித்துப் பார்க்க அவருக்கு வாய்ப்பே வருவதில்லை, ஏனென்றால் சிவப்புக்கு அப்புறம் பச்சை வராத நாளே கிடையாது. என் பார்வையில் இந்தப் பழக்கத்தை இறுக்கிப் பிடித்திருப்பது கோபத்தைவிட இந்தப் பொய்யான வெற்றிதான்.

கோபத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில், பச்சை விழுந்த பிறகும் ஒரு காரை வேண்டுமென்றே நகர்த்தாமல் வைத்துச் சோதித்தார்கள். 1986-இல் வெளியான அந்த ஆய்வில் வெயில் ஏற ஏற ஹாரனும் ஏறியது. ஜன்னலை இறக்கிவிட்டிருந்த, அதாவது ஏசி இல்லாத கார்க்காரர்களிடம் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

சிவப்பிலேயே ஹாரன் வாங்குகிற இன்னொருவர், திரும்பும் லேனில் முதலில் நிற்பவர். சில நாடுகளிலும் சில சந்திப்புகளிலும் சிவப்பு இருந்தாலும் ஓரமாகத் திரும்பிப் போகலாம். பின்னால் இருப்பவர் அதை உரிமை என்று நினைத்து அடிக்கிறார். அது அனுமதி மட்டும்தான், கட்டாயம் இல்லை. குறுக்கே நடப்பவரும் வரும் வண்டியும் முதல் டிரைவரின் கண்ணுக்குத்தான் தெரியும். மூன்றாவது வண்டியில் இருப்பவருக்கு முன்வண்டியின் முதுகுதான் தெரியும்.

இவ்வளவு இருந்தும் அபராதம் அபூர்வமாகத்தான் விழுகிறது. காரணம் எளிது. கேமராவில் நம்பர் பிளேட் விழும், ஹாரன் விழாது. இருபது வண்டிக்கு நடுவே அடித்தது யார் என்று ஒரு காவலர் காதால் கண்டுபிடித்து, அது தேவையில்லாதது என்றும் காட்ட வேண்டும். மும்பை போக்குவரத்துக் காவல்துறை இதைச் சுற்றிப் போக ஒரு வழி பார்த்தது. சில சந்திப்புகளில் சிக்னல் கம்பத்தோடு டெசிபல் மீட்டரை இணைத்து, சத்தம் 85 டெசிபலைத் தாண்டினால் சிவப்பின் நேரம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்படி வைத்தார்கள். 2020 ஜனவரி கடைசியில் அதன் வீடியோ வெளியாகி ஊரெல்லாம் பேசப்பட்டது. அடித்தவர், அடிக்காதவர் எல்லோருக்கும் ஒரே தண்டனை என்பது அதன் குறை. ஆனால் "ஹாரன் அடித்தால் பச்சை வரும்" என்ற அந்தப் பொய்க் கணக்கை நேராக உடைத்தது அதுதான். அபராதம் அதைத் தொடுவதில்லை.

முன்னால் நிற்பவர் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பின்னால் அடிக்கிறார்கள் என்று பதறி, கவுண்டர் பூஜ்யத்துக்கு வரும் முன்பே கோட்டைத் தாண்டினால் சிக்னல் மீறிய குற்றம் உங்களுடையது. "பின்னால் ஹாரன் அடித்தார்கள்" என்பது விளக்கமாக எடுபடாது. கேமராவில் இருப்பது உங்கள் வண்டியும் அதன் மேல் எரியும் சிவப்பும் மட்டும்தான்.