சிவப்பு எப்படிப் பச்சையானது?

தங்கச்சிமடத்தில் ஒரு மீனவர் கூட்டம். மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளைக் காட்டும் ஸ்லைடு திரையில் ஓடுகிறது. கீழே, "சிவப்புப் பகுதிக்குள் வலை போடக் கூடாது" என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. படத்திலோ தீவுகளைச் சுற்றி நல்ல இளம்பச்சை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியவர் கேட்டார், "பச்சைன்னா போகலாம்னுதானே தம்பி?" கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அந்த ஸ்லைடைச் செய்தவன் நான். நான் செய்தபோது அது சிவப்பாகத்தான் இருந்தது. இந்தப் பருவத்தில் இப்படி நடப்பது மூன்றாவது முறை.

என் ஸ்லைடை எடுத்துக் கூட்டங்களில் காட்டும் குழுவினரை விசாரித்தால் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள்: "நான் ஒண்ணும் மாத்தலண்ணே, அப்படியே காப்பி பண்ணி ஒட்டினேன்." பொய்யில்லை. அந்த "அப்படியே"தான் பிரச்சினை.

பவர்பாயிண்ட் ஸ்லைடு ஒரு புகைப்படம் இல்லை. கட்டம் சிவப்பு என்று நீங்கள் பார்க்கிறீர்கள், கோப்பில் அப்படி எழுதியிருக்காது. "இந்தக் கட்டத்துக்கு Accent 2 நிறம்" என்றுதான் இருக்கும். Accent 2 என்பது நிறமல்ல, ஓர் இடம். அந்த இடத்தில் எந்த நிறம் உட்கார வேண்டும் என்பதைக் கோப்பின் தீம் முடிவு செய்கிறது. என் கோப்பின் தீமில் அங்கே சிவப்பு இருந்தது, கூட்டத்தில் ஸ்லைடைக் காட்டிய தம்பியின் கோப்பில் பச்சை. ஒரு கோப்பிலிருந்து இன்னொன்றுக்கு ஸ்லைடை ஒட்டும்போது, நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், பவர்பாயிண்ட் போய்ச் சேரும் கோப்பின் தீமையே மாட்டிவிடும். எழுத்துருவுக்கும் இதே கதைதான். சம்பந்தி வீட்டுக்குப் போன பெண் அந்த வீட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டது போல. பெண்ணைக் குறை சொல்லி என்ன பயன்?

உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒட்டியதும் ஸ்லைடுக்குப் பக்கத்தில் ஒரு குட்டிப் பெட்டி தோன்றும். அதைத் திறந்து Keep Source Formatting என்பதைத் தேர்ந்தெடுங்கள், நிறம் திரும்பிவிடும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எப்போதும் இதையே அழுத்தாதீர்கள். ஸ்லைடோடு அதன் மாஸ்டரும், அதாவது லோகோ, தலைப்பு இடம் எல்லாம் வைத்திருக்கும் அச்சும், கூடவே வந்து குடியேறும். பல கோப்புகளிலிருந்து இப்படி எடுத்துச் சேர்த்த ஒன்றை எனக்கு அனுப்பினார்கள். View-இல் Slide Master திறந்து பார்த்தால் ஏழு மாஸ்டர்கள் வரிசையாக நிற்கின்றன. லோகோவை மாற்ற ஏழு இடத்தில் மாற்ற வேண்டியிருந்தது.

குழுவினர் எல்லோரும் ஸ்லைடு எடுத்துக்கொள்ளும் பொதுக் கோப்பை, அதாவது ஸ்லைடு நூலகத்தை, பராமரிப்பவர் முதலில் ஒன்றை உறுதி செய்ய வேண்டும்: நூலகமும், குழுவினர் தினமும் திறக்கும் வெற்றுக் கோப்பும் ஒரே டெம்ப்ளேட்டிலிருந்து பிறந்தவையாக இருக்க வேண்டும். அப்போது எப்படி ஒட்டினாலும் தீம் ஒன்றுதான், நிறம் மாறாது. அடுத்து, பொருள் சொல்லும் நிறங்களைத் தீமிடம் ஒப்படைக்கக் கூடாது. தடைப் பகுதி, எச்சரிக்கை போன்றவற்றுக்கு நிறப் பலகையின் மேல்வரிசைகளைத் தொடாமல் கீழே தனியாக இருக்கும் Standard Colors வரிசையிலிருந்து எடுங்கள். அது எந்தத் தீமுக்கும் அசையாது. தலைப்புப் பட்டை, ஓரக்கோடு போன்ற அலங்காரங்கள் தீமோடு மாறினால் நல்லதுதான்.

சோதிக்க அரை நிமிடம் போதும். Design-இல் Variants, அதில் Colors போய் வேறொரு நிறத் தொகுப்பை அழுத்திப் பாருங்கள். எது மாறுகிறதோ அது தீமின் கையில் இருக்கிறது. தடைப் பகுதி மாறினால் அந்த ஸ்லைடு நூலகத்துக்குள் வரக் கூடாது. (பார்த்த பிறகு Ctrl+Z போட மறந்துவிடாதீர்கள், நான் மறந்திருக்கிறேன்.)

பழைய பாமினி எழுத்துரு இன்னும் சிலரிடம் வாழ்கிறது. தயவுசெய்து வேண்டாம். பாமினியில் இருப்பது தமிழ் எழுத்தே அல்ல, தமிழ் வேஷம் போட்ட ஆங்கில எழுத்துகள். எழுத்துரு மாறியதும் "தமிழ்" என்பது `jkpo;` என்று நிற்கும். நூலகத்தில் சேர்க்கும் முன்பே யூனிகோடாக மாற்றிவிடுங்கள்.

அப்புறம், ஒட்டிய ஸ்லைடு நூலகத்தோடு தொடர்பில் இல்லை. நூலகத்தில் நான் திருத்தினாலும் உங்கள் பிரதி திருந்தாது. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் 61 நாள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. பழைய 45 நாள் கணக்கு எழுதிய ஸ்லைடு இன்றும் ஏதோ ஒரு பென்டிரைவில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதனால் ஒவ்வொரு ஸ்லைடின் கீழ் மூலையிலும் கடைசியாகச் சரிபார்த்த தேதியைச் சின்னதாக எழுதி வைக்கிறேன். கூட்டத்துக்குக் கிளம்பும் முன் அந்தத் தேதியை நூலகத்தில் உள்ளதோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் பழைய ஸ்லைடை அழித்துவிட்டுப் புதிதாக எடுத்துக்கொள்ளுங்கள், பழையதையே திருத்திக்கொண்டு உட்காராதீர்கள்.